அரூப ஓவியத்துக்குக் கருத்துச் சொல்லக் கேட்டால்: கண் நிற்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஓவியம் வரைகிற நண்பர் ஒருவர் புதுப் படத்தை முன்னால் வைத்து "பார்த்துட்டு சொல்லு" என்கிறார். படத்தில் ஆளோ மரமோ இருந்தால் மூக்கு கோணல், நிழல் தப்பான பக்கம் விழுகிறது என்று ஏதாவது பிடி கிடைக்கும். அரூப ஓவியத்தில் அந்தப் பிடி கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒரு பொருளே இல்லை. அதனால்தான் பலர் "கலர் நல்லா இருக்கு", "என்னமோ ஒண்ணு குறையுது" என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். வரைந்தவருக்கு இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வகுப்புகளில் வழக்கமாகச் சமநிலை முதலில், வண்ணம் அடுத்து, பார்வை எங்கே நிற்கிறது என்பது கடைசியில் என்று சொல்லித் தருவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஏனென்றால் உங்கள் கண் எங்கே போனது என்பது நடந்த ஒரு விஷயம், அதை அப்படியே குறித்துக்கொள்ளலாம். சமநிலையும் வண்ணமும் அது ஏன் அங்கே போனது என்பதற்கான காரணங்கள். நடந்ததைக் குறிக்காமல் காரணத்தைத் தேடினால் ஊகம்தான் மிஞ்சும்.

பார்ப்பதற்கு முன்

படத்தை நேராக நிறுத்துங்கள். மேசையில் கிடத்திப் பார்த்தால் கீழ்ப்பகுதி பெரிதாகவும் மேல்பகுதி சுருங்கியும் தெரியும், அப்புறம் கீழே கனம் அதிகம் என்று நீங்கள் சொல்வது மேசையின் தப்பாகத்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் நல்லது, ஆனால் வெயில் நேராக விழக் கூடாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலமெல்லாம் மங்கிப்போய் ஆரஞ்சும் சிவப்பும் எகிறிக்கொண்டு நிற்கும். தூரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: படத்தின் மூலைக்கு மூலை அளவைப்போல இரண்டு மடங்கு தள்ளி நின்றால் மொத்தப் படமும் தலையைத் திருப்பாமல் கண்ணுக்குள் வரும். 80 செ.மீ.க்கு 60 செ.மீ. கேன்வாஸ் என்றால் சுமார் இரண்டு மீட்டர்.

படத்தின் பெயரைக் கேட்காதீர்கள், என்ன நினைத்து வரைந்தார் என்றும் கேட்காதீர்கள், இப்போதைக்கு. ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் கண்ணசைவுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒரே ஆளிடம் ஒரே படத்தைக் காட்டி வேறு வேறு கேள்வி கேட்டால் கண் போகிற தடமே மாறிவிடுவதைக் காட்டினார். "இது மழையைப் பற்றிய படம்" என்று வரைந்தவர் வாயைத் திறந்துவிட்டால் உங்கள் கண் மழையைத் தேடப் போய்விடும். முதல் பார்வை ஒரு தடவைதான் கிடைக்கும், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பத்து விநாடி

ஒரு துண்டுக் காகிதத்தில் படத்தின் வடிவத்தில் சின்னச் செவ்வகம் வரைந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடித் திறந்து பத்து விநாடி படத்தைப் பாருங்கள், பிறகு திரும்பிக்கொண்டு செவ்வகத்துக்குள் புள்ளி வையுங்கள்: கண் முதலில் போன இடம் 1, அடுத்து 2, 3. படத்தை விட்டு வெளியே போனதாகத் தோன்றினால் எந்தப் பக்கமாக என்று ஒரு அம்புக்குறி. திரும்பத் திரும்பப் போன இடம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். நிறப்பெயர் எதுவும் எழுத வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இந்தக் கோடு கண்ணை அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது" என்று எழுதுவது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. அசையாத படத்தின்மேல் கண் கோட்டைப் பிடித்து வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓர் இடத்தில் நிற்கும், சட்டென்று தாவும், இன்னோர் இடத்தில் நிற்கும். கோடு செய்வதெல்லாம் அடுத்த தாவலுக்கு ஒரு திசை காட்டுவதுதான், அந்தத் திசையின் முடிவில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். கீழே சொல்லப்போகிற படத்தில் இதுதான் விஷயம்.

இன்னொன்று, கண் நிற்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஓரிடத்தில் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே வந்து உட்காருவது ஒன்று. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு மற்றதைப் பார்க்க முடியாமல் தவிப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் மிச்சப் படத்தை வேண்டுமென்றே முயற்சி பண்ணித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் குறித்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு படம்

அக்ரிலிக், 80-க்கு 60, கிடைமட்டம். இடப்பக்கம் நீலச் சாம்பல், மெல்லிய அடுக்குகளாகப் பூசியது. மேலே இடது மூலையை ஒட்டி அடர்ந்த அவுரி நீலத்தில் ஒரு பெரிய கட்டி. நடுவே காவியும் மஞ்சளும் கலந்த ஒரு பட்டை, அங்கங்கே உடைந்து உடைந்து போகிறது. வலப்பக்கம் முழுக்கச் சாம்பல். கீழே வலது மூலைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஆரஞ்சுத் திட்டு, விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல. அதை ஒட்டி விரல் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வெள்ளையான ஒரு கீற்று. அவுரிக் கட்டியிலிருந்து ஒரு மெல்லிய கறுப்புக் கோடு குறுக்காக இறங்கி அந்தக் கீற்றின்மேல் வந்து முடிகிறது. கீற்றுக்கும் கேன்வாஸின் வலது ஓரத்துக்கும் இடையே மூன்று செ.மீ.தான் இருக்கும்.

இதைப் பார்த்த எல்லாருடைய செவ்வகத்திலும் 1 அந்த வலது கீழ் மூலையில்தான் விழுந்தது, அம்புக்குறி அங்கிருந்து வெளியே. எல்லாரும் சொன்னதும் ஒன்றுதான்: ஆரஞ்சு ரொம்பத் தூக்கலாக இருக்கிறது, குறைத்துவிடு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

மறைத்துப் பாருங்கள்

நடுத்தரச் சாம்பல் நிறக் காகிதத்தில் சில துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைக் காகிதம் வேண்டாம், பல படங்களில் அதுவே மொத்தப் படத்திலும் வெளிச்சமான பொருளாகி, மறைக்கப் போன இடத்துக்கே கண்ணைக் கூப்பிட்டுவிடும். படத்தில் ஈரம் இருந்தால் ஒட்டாமல் சற்று முன்னால் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

முதலில் ஆரஞ்சுத் திட்டை மட்டும் மறைத்தோம். கண் மறுபடியும் அதே மூலைக்குத்தான் போனது. இப்போது துண்டை நகர்த்தி வெள்ளைக் கீற்றை மட்டும் மறைத்து ஆரஞ்சை விட்டுவைத்தோம். கண் அவுரிக் கட்டியின் கீழ்விளிம்பில் தொடங்கிக் காவிப் பட்டைக்குத் தாவி, ஆரஞ்சுக்கு வந்து, திரும்பப் பட்டைக்கே போய் உட்கார்ந்தது.

ஆரஞ்சின்மேல் பழி போனதற்குக் காரணம் அதற்கு ஒரு பெயர் இருப்பதுதான். உண்மையில் இழுத்தது, படத்திலேயே அதிகமான வெளிச்சமும் அதிகமான கறுப்பும் ஒன்றையொன்று தொடுகிற இடம், கோட்டின் நுனி கீற்றைத் தொடுகிற அந்தச் சிறு புள்ளி. வெளிர்-அடர் வித்தியாசம் உச்சத்தில் இருக்கிற இடம், கூர்மையான விளிம்பு, ஒரு கோட்டின் முடிவு, கேன்வாஸ் ஓரத்துக்குப் பக்கம், இந்த நான்கும் சேர்ந்தால் அங்கே என்ன நிறம் இருந்தாலும் கண் போகும், போனதும் ஓரம் வழியாக வெளியே விழும்.

இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். கண்ணை நன்றாக இடுக்கிக்கொண்டு பாருங்கள். நுணுக்கங்கள் கரைந்து வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று நான்கு படிகள் மட்டும் மிஞ்சும். எங்கே இந்தப் படிகள் நடுவில் எதுவும் இல்லாமல் மோதுகின்றன என்று பாருங்கள். ஃபோனில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுவதும் உதவும், ஆனால் முழுசாக நம்ப வேண்டாம். கேமரா வெளிச்சத்தைத் தானாக ஏற்றி இறக்கும், சிவப்பையும் பச்சையையும் ஒரே சாம்பலாக்கிவிட்டு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோலக் காட்டவும் செய்யும். நேரில் அதே இரண்டு நிறமும் தொடுகிற விளிம்பு அதிர்ந்துகொண்டிருக்கும். இடுக்கிய கண் நிறத்தையும் கூடவே பார்க்கும் என்பதால் அதற்கே என் ஓட்டு.

வண்ணம்: தனித்தனியாக வேண்டாம், ஜோடியாக

"ஆரஞ்சு நல்லா இருக்கா?" என்பது பதில் இல்லாத கேள்வி. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் இதை ஒரு புகாரிலிருந்து கண்டுபிடித்தார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாகப் போடுகிற கறுப்பு நூல் சோகை பிடித்தாற்போல் இருக்கிறது, சாயம் சரியில்லை என்றார்கள். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. ஒரு நிறம் தனக்கு எதிரான நிறத்தின் சாயலைப் பக்கத்தில் இருப்பதன்மேல் ஏற்றிவிடும் என்று 1839-இல் தடியான ஒரு புத்தகமே எழுதினார்.

நம் படத்தில் இதைப் பார்க்க, ஒரு சாம்பல் அட்டையில் விரல் நுனி அளவுக்கு இரண்டு ஓட்டைகள் போட்டுக்கொள்ளுங்கள், இடையில் கொஞ்சம் தள்ளி. ஒன்றின் வழியாக இடப்பக்க நீலச் சாம்பலையும், இன்னொன்றின் வழியாக ஆரஞ்சைச் சுற்றியுள்ள சாம்பலையும் பாருங்கள். மொத்தமாகப் பார்க்கும்போது இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் நீலம் ஓடுகிறது. ஓட்டை வழியாகப் பார்த்தால் இடப்பக்கத்தில் மட்டும்தான் நீலம் கலந்திருக்கிறது. வலப்பக்கம் வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல். அதில் தெரிந்த நீலம் ஆரஞ்சு கொடுத்தது.

அப்படியானால் ஆரஞ்சைக் குறைத்துவிடு என்ற யோசனை என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். மூலையின் இழுப்பு அப்படியே இருந்திருக்கும், ஏனென்றால் அது வெள்ளைக் கீற்றின் வேலை. வலப்பக்கச் சாம்பலோ நீலத்தை இழந்து செத்துப்போயிருக்கும், படம் இரண்டு துண்டாகியிருக்கும். வரைந்தவரும் என்ன ஆயிற்றென்று புரியாமல் அந்தச் சாம்பலை மறுபடி பூச ஆரம்பித்திருப்பார்.

வண்ண உறவை எழுதும்போது, ஆகவே, எப்போதும் இரண்டு நிறத்தையும் அவை தொடுகிற விளிம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் தொடங்குகிறவர்களுக்குப் போதும். எது எதைவிட வெளிர். எது சுத்தமான நிறம், எது சாம்பல் தட்டியது. எது எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கை அளவு சுத்தமான ஆரஞ்சு, அரைக் கேன்வாஸ் மங்கல் நீலத்துக்கு ஈடு கொடுக்கும் என்பது இந்தப் படத்தில் கண்ணெதிரே தெரிகிறது.

சமநிலை

சமநிலை என்றதும் இடதும் வலதும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சூரிச் கலைக்கூடத்தில் இருக்கிற மோந்திரியானின் 1930-ஆம் ஆண்டுப் படத்தை, சிவப்பு, நீலம், மஞ்சள் கொண்டதை, எங்காவது பார்த்திருப்பீர்கள். வலது மேல்பக்கம், பாதிப் படத்துக்கும் மேல், ஒரே ஒரு பெரிய சிவப்புச் சதுரம். கீழே இடது மூலையில் சிறிய நீலம், வலது மூலையில் துளி மஞ்சள், மிச்சம் வெள்ளையும் கறுப்புக் கோடுகளும். கணக்குப்படி அது வலப்பக்கம் சாய வேண்டும், சாயவில்லை. நீலம் சின்னதுதான், ஆனால் அடர்ந்தது, ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சிவப்புக்கு நேர் குறுக்கே இருக்கிறது. இடப்பக்கம் வெள்ளைகளுக்கு நடுவே ஒரு குட்டைக் கறுப்புக் கோடு மற்ற கோடுகளைவிடப் பருமனாக இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். அச்சிட்ட பிரதி கிடைத்தால் அந்த நீலத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள், சிவப்பு உடனே பெருத்துப்போய் மேலே முட்டும்.

சமநிலைக்கு நான் சொல்கிற சோதனை எளிது: படத்தைக் கண்ணாடியில் பாருங்கள், பிறகு தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண் மூடிமறைத்த சாய்வு வெளியே வரும். கண்ணாடியில் எந்தப் பக்கம் சரிவதாகத் தோன்றுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தலைகீழாகவும் நன்றாக இருந்தால் அது தனி மதிப்பெண் இல்லை, படம் எந்தப் பக்கம் மேலே என்பதை இந்தச் சோதனை சொல்லாது. மோந்திரியான் வண்ண நாடாக்களை ஒட்டிச் செய்த ஒரு படம் பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே தொங்கியிருக்கக்கூடும் என்று, அதை வைத்திருக்கிற ஜெர்மன் அருங்காட்சியகத்தின் காப்பாளரே 2022-இல் சொன்னார். அதுவரை யாரும் படம் சரிந்து நிற்பதாகப் புகார் செய்யவில்லை.

நம் படத்தில், கண்ணாடியில் பார்த்தபோது பெரிய சிக்கல் எதுவும் தெரியவில்லை. மேலே ஒரு மூலையில் அவுரிக் கட்டி, குறுக்கே கீழ் மூலையில் ஆரஞ்சு, நடுவில் காவிப் பட்டை ஏற்றுக்கொண்டு நிற்கிறது. ஆரஞ்சு இல்லாவிட்டால் அவுரி தனியாகத் தொங்கியிருக்கும். அதாவது எல்லாரும் குறைக்கச் சொன்ன நிறம்தான் வண்ணத்திலும் சமநிலையிலும் படத்தைப் பிடித்துவைத்திருந்தது.

கண் நிற்கவே இல்லை என்றால்?

சில படங்களில் புள்ளி வைக்க இடமே கிடைக்காது. உடனே குறை என்று எழுதிவிடாதீர்கள். ஜாக்சன் பொல்லாக் 1950-இல் சொட்டியும் வீசியும் வரைந்த பெரிய கேன்வாஸ்கள், ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம் உள்ளவையும் உண்டு, கண்ணை எங்கேயும் உட்கார விடுவதில்லை, அதுதான் அங்கே திட்டம். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? பரப்பு முழுக்க ஏறக்குறைய ஒரே அடர்த்தி இருந்தால், எந்த இடத்தை மறைத்தாலும் மிச்சம் அப்படியே இருந்தால், அது எங்கும் பரவிய படம், தங்கும் இடத்தை அதில் தேடக் கூடாது. பெரிதும் சிறிதுமாக வடிவங்களை அடுக்கி ஒன்றை முக்கியமாக்கப் பார்த்திருக்கிறது, ஆனாலும் கண் அலைகிறது என்றால் அப்போது கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்கள் ஒரே பலத்தில் போட்டி போட்டுக்கொண்டிருக்கும். மறைக்கும் துண்டை ஒன்றன்மேல் வைத்துப் பார்த்து, எதை அடக்கினால் படம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

எழுதுவது

இப்போது உங்களிடம் புள்ளி வைத்த செவ்வகம், மறைத்தபோது நடந்தது, ஓட்டை அட்டையில் பார்த்தது, கண்ணாடியில் பார்த்தது எல்லாம் இருக்கின்றன. எழுதும்போது இந்த வரிசையை விடாதீர்கள்: என் கண் எங்கே போனது, எதை மறைத்தபோது மாறியது, அதனால் காரணம் என்று நான் நினைப்பது. தீர்வைக் கடைசியில், அதுவும் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். தீர்வு வரைந்தவருடைய வேலை.

இந்தப் படத்துக்கு எழுதியது இப்படி இருந்தது:

"என் கண் முதலில் வலது கீழ் மூலைக்குப் போய் ஓரம் வழியாக வெளியே போய்விடுகிறது. ஆரஞ்சை மறைத்தாலும் அப்படித்தான். வெள்ளைக் கீற்றை மறைத்தால் மட்டும் நடுப்பட்டையில் வந்து தங்குகிறது, ஆரஞ்சை அங்கிருந்தே பார்க்க முடிகிறது. கறுப்புக் கோடு கீற்றைத் தொடுகிற இடத்தில்தான் படத்தின் மிகப் பெரிய வெளிர்-அடர் மோதல் இருக்கிறது, ஓரத்துக்கு மிகப் பக்கத்தில். ஆரஞ்சைத் தொட வேண்டாம், வலப்பக்கச் சாம்பலின் நீலம் அதிலிருந்துதான் வருகிறது. கண் மூலை வழியாக வெளியே போவதுதான் உன் எண்ணம் என்றால் இப்படியே விடு. இல்லையென்றால் கீற்றை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம்."

கடைசிக்கு முந்தின அந்த "உன் எண்ணம் என்றால்" வரியை விட்டுவிடக் கூடாது. பெயரையும் நோக்கத்தையும் கேட்கிற நேரம் இதுதான், உங்கள் பார்வையைப் பதிந்து முடித்த பிறகு. இவர் கண் வெளியே போவதை விரும்பவில்லை, பட்டைதான் படம் என்றார்.

அவர் கீற்றை அழிக்கவில்லை. சாம்பலை நிறையத் தண்ணீரும் மீடியமும் விட்டு மெல்லிசாக்கி அதன்மேல் ஒரு பூச்சு கொடுத்தார், கோட்டின் நுனியை ஈரத் துணியால் தேய்க்கப் போய், காய்ந்த அக்ரிலிக் அப்படி வராது என்பதால், அதே சாம்பலால் கடைசி இரண்டு செ.மீ.யை மங்கச் செய்தார். பூசிய உடனே பார்த்தால் போதவில்லை என்றே தோன்றியது. அக்ரிலிக் காயும்போது ஒரு சுற்று அடர்ந்துபோகும், ஈரத்தில் பார்த்து இரண்டாவது பூச்சு கொடுத்தால் கீற்றே காணாமல் போகும். மறுநாள் அதே வெளிச்சத்தில் அதே தூரத்தில், முதல் தடவை படத்தைப் பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டுச் செவ்வகத்தைக் கொடுங்கள், உங்கள் கண்ணும் வரைந்தவர் கண்ணும் இனி மூலையைத் தெரிந்துவைத்திருக்கும் என்பதால் நீங்கள் வைக்கிற புள்ளிக்கு மதிப்பில்லை. வந்தவர் பட்டையில் 1 போட்டார், ஆரஞ்சில் 2, வட்டம் மறுபடி பட்டையில்.